மணியடிக்கும் முன்பே முடிவாகும் விலை

தேசியப் பங்குச் சந்தையில் வழக்கமான வியாபாரம் காலை 9.15-க்குத்தான் தொடங்கும். பங்கின் அன்றைய முதல் விலையோ பெரும்பாலும் அதற்கு முன்பே முடிவாகிவிடும். 2010 அக்டோபரில் வந்த ஏற்பாடு இது. 9 மணியிலிருந்து எட்டு நிமிடம் வரை ஆர்டர்கள் சேரும். ஒரு பங்குகூடக் கைமாறாது. கடைசி நிமிடத்தில் எந்த நொடியில் கதவு சாத்தப்படும் என்பது யாருக்கும் தெரியாது. கடைசி நேரத்தில் பெரிய ஆர்டரைப் போட்டு விலையை வளைக்கப் பார்ப்பவர்களுக்கு வைத்த பூட்டு அது.

பிறகு கணினி ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுகிறது: எந்த விலையில் மிக அதிகப் பங்குகள் கைமாறும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நேற்று 500 ரூபாயில் முடிந்த பங்கு. ஒருவர் 504 வரை கொடுத்து 300 பங்குகள் வாங்கத் தயார்; இன்னொருவர் 502 வரை கொடுத்து 400 பங்குகள். விற்பவர்களில் ஒருவர் 499 கிடைத்தாலே 250 பங்குகளைத் தருவார். அடுத்தவர் 502-க்குக் குறையாமல் 350, மூன்றாமவர் 503-க்குக் குறையாமல் 400. விலை 501 என்றால் 250 பங்குகள்தான் கைமாறும். 503 என்றால் 300. 502 என்றால் 600! ஆகவே முதல் விலை 502. 499-க்கே தரத் துணிந்தவருக்கும் 502 கிடைக்கிறது, 504 கொடுக்கத் துணிந்தவரும் 502-தான் கொடுக்கிறார். வாங்க முடியாமல் மிஞ்சிய 100 பங்குகளுக்கான ஆர்டர் 9.15 வியாபாரத்துக்குப் போகும்.

இந்த ஏலம் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023 ஜனவரி 24 அன்று நியூயார்க் பங்குச் சந்தை கண்டது. சிகாகோவில் உள்ள மாற்று அமைப்பை முறையாக நிறுத்தாமல் விட்டுவிட்டார்கள். அதனால் வியாபாரம் ஏற்கெனவே தொடங்கிவிட்டதாகக் கணினி எடுத்துக்கொண்டது. பல பங்குகளுக்குத் தொடக்க ஏலமே நடக்கவில்லை. இரவெல்லாம் சேர்ந்த ஆர்டர்களைச் சமன்செய்ய வழியில்லாததால் வால்மார்ட், மெக்டொனால்ட்ஸ் போன்ற பெரிய பங்குகளின் விலைகூடத் தாறுமாறாக ஆடியது. ஆயிரக்கணக்கான பரிவர்த்தனைகளைப் பின்னர் ரத்து செய்தார்கள்.

நியூயார்க்கிலும் லண்டனிலும் மாலையிலும் இதே போன்ற ஏலம் உண்டு. இந்தியாவில் நெடுங்காலமாக 3 மணி முதல் 3.30 வரை நடந்த வியாபாரத்தின் சராசரியையே முடிவு விலையாக எடுத்துவந்தார்கள். பங்கின் அளவையும் சேர்த்துக் கணக்கிடும் சராசரி அது. கடைசி நொடியில் ஒருவர் போடும் ஆர்டர் அதை அவ்வளவு சுலபமாக அசைக்காது என்பது அதன் பலம்.

ஆனால் நிஃப்டியைப் பின்தொடரும் பரஸ்பர நிதிகளுக்கு அந்தச் சராசரி சங்கடம்தான். அவர்களுடைய கணக்கு முடிவு விலையை வைத்தே பார்க்கப்படுகிறது. அந்த விலை இன்னதென்று 3.30-க்குப் பிறகுதான் தெரியும். அதற்குள் வாங்கி முடித்தாக வேண்டும். நிஃப்டியில் ஒரு பங்கு புதிதாகச் சேரும் நாளில் எல்லா நிதிகளும் அதே அரை மணியில் முண்டியடிக்கும். வாங்கிய விலைக்கும் முடிவு விலைக்கும் உள்ள இடைவெளி முதலீட்டாளர் தலையில்தான் விழும். ஏலமானால் முடிவு விலையிலேயே வாங்கலாம். 2025 ஆகஸ்டில் செபி முடிவு ஏலத்தை முன்மொழிந்ததற்கு இது முக்கியக் காரணம்.