கூலியைக் குறைப்பதா, வேலையைக் குறைப்பதா?

துணி தேங்கும் காலத்தில் சங்க நிர்வாகிகள் முன் எழும் கேள்வி இது. ஜெயங்கொண்டம் பகுதியில் 40 தறிகளுள்ள நெசவாளர் சங்கம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். தறிக்கு மாதம் 2 பாவு வீதம் 80 பாவுத் துணி உற்பத்தியாகிறது. விற்பதோ 60 பாவுத் துணியே.

கூலியைக் கால் பங்கு குறைத்தால் உற்பத்தி குறையாது. மாதந்தோறும் 20 பாவுத் துணி கிடங்கில் சேரும். சங்கத்தின் பணம் அதில் முடங்கும். தறிக்கு இரண்டு மாதத்திற்கு 3 பாவு என வழங்கினால் தேக்கம் நிற்கும். நெசவாளர் இழப்பது இரண்டிலும் கால் பங்கே. ஆயினும் இதில் அவருக்கு நாட்கள் மிஞ்சுகின்றன. முன்கூட்டியே அறிவித்தால் பருத்தி எடுப்புக்கோ முந்திரித் தோப்பு வேலைக்கோ அவர் செல்லலாம்.

ஆகவே கூட்டத்தில் இருப்புப் புத்தகத்தையும் விற்பனைக் கணக்கையும் அங்கத்தினர் முன் வைப்போம். "ஓய்வு" என்று பூசி மெழுகாமல், வருமானம் குறையும் என்றே சொல்வோம். மறுபரிசீலனைக்குரிய தேதியையும் குறிப்போம். நிர்வாகக் குழுவினரின் தறிகளுக்கு மட்டும் பழையபடி 2 பாவு செல்லுமானால், பாவு வழங்கும் பதிவேடே அதைக் காட்டிவிடும்.

சங்கத்தில் சம்பளம் பெறும் தொழிலாளரின் ஊதியத்தை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டுமென 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் விதித்தது. 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அவ்விதி உண்டு. தொழிலாளரே இசைந்தாலும் குறைந்தபட்ச ஊதியத்திற்குக் கீழே இறங்கலாகாது.