சாயங்கால வகுப்புக்குப் போக காலை ஷிஃப்ட் கேட்பது எப்படி?



தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்திலும், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துக் கம்பெனிகளிலும் வேலைக்குப் போகும் பெண்கள் நம் குழுக் குடும்பங்களில் உண்டு. பாதியில் படிப்பை விட்டவர்களுக்குப் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத ஆசை. சொல்லிக் கொடுக்கும் டீச்சர் பகலில் பள்ளிக்குப் போய்விடுவதால் வகுப்பு சாயங்காலம்தான். ஆனால் ஷிஃப்ட் ஒரு வாரம் காலை 6 முதல் மதியம் 2 வரை, மறுவாரம் மதியம் 2 முதல் இரவு 10 வரை என்று மாறி மாறி வந்தால் பாதி வகுப்பு போய்விடும். மேனேஜரிடம் எப்படிக் கேட்பது?

முதலில், அவர் ஏன் "முடியாதும்மா" என்கிறார் என்று பார்ப்போம். தையல் லைனில் ஒருவர் ஓவர்லாக் அடித்தால்தான் அடுத்தவர் கையில் துணி போகும். ஒரு மெஷின் காலியானால் லைனே நின்றுபோகும். ஆகவே நாம் படிப்பது நல்ல விஷயமா என்பது அவர் கேள்வி இல்லை. "உன் இடத்தில் யார் உட்காருவாங்க?" என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதிலைத் தேடிக்கொண்டுதான் போக வேண்டும். நம் மெஷின் வேலை தெரிந்தவராக, மதிய ஷிஃப்டை விரும்புகிறவராக ஒருவர் எதிர் ஷிஃப்டில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வர நினைக்கும் தாய்மார் சம்மதிக்கலாம். பேசி முடித்துவிட்டோம் என்று நாமாகவே மாற்றிக்கொள்ளக் கூடாது. ஷிஃப்ட் லிஸ்டில் பெயர் மாறாவிட்டால் இரண்டு பேருக்கும் ஆப்சென்ட் விழும்.

கேட்பதை எழுதிக் கொடுங்கள். அடுத்த மாத லிஸ்ட் போடும் முன்பே சூப்பர்வைசர் மூலமாகக் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிக்கு ஒன்று:

"ஐயா, நான் 4ஆம் லைனில் ஓவர்லாக் மெஷினில் வேலை செய்கிறேன். பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்காகத் தினமும் மாலை 5.30 மணி வகுப்பில் சேர உள்ளேன். ஜூலை 1 முதல் ஏப்ரல் 30 வரை எனக்குக் காலை ஷிஃப்ட் மட்டும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதே மெஷினில் வேலை செய்யும் இன்னொருவர் இந்தக் காலத்தில் மதிய ஷிஃப்டுக்கு வரச் சம்மதித்துக் கீழே கையெழுத்திட்டுள்ளார். ஓவர்டைம் இருந்தால் மாலை 4 மணி வரை இருக்க முடியும். முதல் மாதத்தைச் சோதனையாக வைத்துப் பார்க்கலாம். தேர்வு நாட்களில் மட்டும் மதிய ஷிஃப்ட் அல்லது விடுப்பு வேண்டும்."

ஓவர்டைம் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். காலை ஷிஃப்ட் கிடைத்தும், 2 மணிக்கு மேல் "ரெண்டு மணி நேரம் இரும்மா" என்று தினமும் நிறுத்தினால் வகுப்பு போச்சு. கடைசி வரியும் முக்கியம். பொதுத்தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்கும். வகுப்புக்கு வசதியான காலை ஷிஃப்டே தேர்வன்று இடைஞ்சலாகிவிடும். பாடம் ஐந்து என்பதால் ஐந்து நாள். அறிவியல் செய்முறைக்குத் தனியே பதிவு செய்து பயிற்சிக்கும் போக வேண்டும். அந்த நாட்களையும் முன்னாடியே கேட்டுச் சேர்த்து எழுதுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, இரவு 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் பெண்களை வேலை வாங்க அவர்களுடைய சம்மதம் வேண்டும். ஓவர்டைமுக்கும் சம்மதம் வேண்டும், இரட்டைக் கூலி தர வேண்டும். ஆனால் கேட்ட ஷிஃப்டைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அது நிர்வாகம் முடிவு செய்வது. அதனால்தான் இவ்வளவு தயாரிப்பு.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். மதிய ஷிஃப்டுக்குத் தனிப்படி கொடுக்கிற கம்பெனியானால் அது குறையும். எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து, 6 மணி வேலைக்கு நம் ஊர் வழியாக கம்பெனி வேன் எப்போது வரும்? மதுராந்தகம் பக்கத்திலிருந்து போகிறவர் விடிவதற்கு வெகு முன்பே கிளம்ப வேண்டியிருக்கும். வகுப்பு முடிந்து வீடு வந்து, சமைத்து, எத்தனை மணிக்குப் படுக்க முடியும் என்று வீட்டாரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

மேனேஜர் மறுத்தால் காரணம் கேளுங்கள். "ஆள் இல்லை" என்றால் வேறு ஆள் பார்த்து மறுபடி கேட்கலாம். "வேனில் இடமில்லை" என்றால் அடுத்த மாதம் வரை பொறுக்கலாம். அனுமதி கிடைத்தால், ஷிஃப்ட் லிஸ்டில் பெயர் ஏறியதைப் பார்த்த பிறகே வகுப்புக்குப் பணம் கட்டுங்கள்.