கோடைக்கு முன் குளிர்சாதனத்தை வெளியிலிருந்தே சோதித்தல்

ஸ்பிளிட் ஏசி என்று வழங்கும் குளிர்சாதனம் செய்யும் வேலை, அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய் விடுவதாகும். அறைச் சுவரில் உள்ள உள்ளலகின் குளிர்ந்த குழாய்ச்சுருளில் காற்று படும்போது, அதன் வெப்பத்தைக் குழாய்க்குள் ஓடும் குளிரூட்டி, அதாவது வழக்கில் ‘கேஸ்’ எனப்படும் பொருள், ஏற்றுக்கொண்டு, மாடியிலோ பால்கனியிலோ இருக்கும் வெளியலகுக்குச் சென்று அங்குள்ள சுருளின் வழியே வெளிக்காற்றில் விட்டுவிட்டுத் திரும்புகிறது. இந்த வெப்பம் செல்லும் வழியில் எங்கே தடை இருக்கிறது என்பதை, திருகாணியிட்ட மூடி எதையும் கழற்றாமலே வீட்டுக்காரர் மாசி மாதத்தில் கண்டறிந்துகொள்ளலாம். மூடிக்குள் இருக்கும் கப்பாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் உறுப்பு, மின்சாரத்தை நிறுத்திய பின்னும் சிறிது நேரம் அதிர்ச்சி தரக்கூடியது என்பதால், உட்புற வேலை தொழில்நுட்பருக்கு உரியது.

சோதனையை வெளியலகிலிருந்து தொடங்குவது நல்லது. அதன் மின்விசிறி பின்புறமும் பக்கவாட்டிலும் காற்றை இழுத்து முன்புறம் தள்ளுவதால், தூசி முன்பக்கத்தைவிடப் பின்பக்கச் சுருளிலேயே படிகிறது. முன்புறம் துடைத்து வைத்த இயந்திரமும் இதனால் மூச்சுத் திணறக்கூடும். மின்சுவிட்சையும் எம்சிபியையும் அணைத்துவிட்டு, அருகில் குவிந்த அட்டைப்பெட்டி, பூந்தொட்டி, புறாக்கூட்டுச் சுள்ளி ஆகியவற்றை அகற்றி, பின்புறச் சுருளில் ரப்பர் குழாயின் மெல்லிய நீரைப் பாய்ச்சினால் தூசி கரைந்து இறங்கும். அழுத்தத்துடன் பீய்ச்சும் நீர், தாள்போல் மெல்லிய அலுமினியத் தகடுகளை மடக்கிக் காற்றை அடைத்துவிடும். அடுக்குமாடிச் சுவரின் வெளியே தொங்கும் அலகானால் எட்டிப்பார்க்க முயலாமல் அதையும் தொழில்நுட்பரிடமே விடவேண்டும்.

அடுத்தது உள்ளலகின் ஃபில்டர். திருகாணியில்லாமல் கையால் தூக்கும் முன்மடல், பயனர் கழுவுவதற்கென்றே அமைக்கப்பட்டது. வலையை எடுத்துக் கழுவி, நிழலில் முற்றிலும் உலர்த்தி மாட்டினால் போதும்.

இனி இயந்திரத்தை ஓடவிட்டு அளக்கலாம். கதவு சன்னல்களைச் சாத்தி, வெப்பநிலையை 18 டிகிரிக்கும் விசிறியை உச்ச வேகத்துக்கும் வைத்து 15 நிமிடம் காத்திருக்கவேண்டும். இன்வெர்ட்டர் வகையில் கம்ப்ரஸர், அதாவது குளிரூட்டியை அழுத்தி ஓட்டும் பகுதி, இலக்கு நெருங்கினால் வேகம் தணித்துக்கொள்ளும் என்பதால் இலக்கைத் தாழ்த்தி வைப்பது தேவையாகிறது. பிறகு சாதாரண வெப்பமானியால், காற்று உள்ளே நுழையும் மேற்பகுதியிலும் வெளிவரும் கீழ்வாயிலிலும் அளந்து பார்த்தால், பொதுவாகச் சுமார் 8 முதல் 12 டிகிரி வேறுபாடு தெரியும். கடலோர ஊர்களில் இயந்திரத்தின் ஆற்றலில் ஒரு பங்கு காற்றின் ஈரத்தை நீராக மாற்றுவதில் செலவாவதால், இந்த வேறுபாடு சற்றுக் குறைவாக இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டாக, நுழையும் காற்று 30 டிகிரியும் வெளிவருவது 25 டிகிரியும் எனக் கொள்வோம். 5 டிகிரி வேறுபாடு போதாது. அப்போது வெளியலகின் முன் கையை நீட்டிப் பார்க்கவேண்டும். அங்கே வரும் காற்று சுற்றுப்புறத்தைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் கம்ப்ரஸர் வேலை செய்கிறது, பின்புறச் சுருளில் இன்னும் அழுக்கு தங்கியிருக்கலாம். சூடே இல்லையெனில் கம்ப்ரஸர் ஓடவில்லை, அல்லது குளிரூட்டி குறைந்திருக்கிறது. மாறாக, உள்ளலகிலிருந்து வரும் காற்று மிகக் குளிர்ந்தும் வலுவின்றியும் இருந்தால் ஃபில்டரோ உட்சுருளோ அடைபட்டிருக்கிறது.

இந்த ஓட்டத்திலேயே மேலும் இரண்டைக் கவனிக்கலாம். ஈரக்காற்று உள்ள நாளில் வடிகுழாயின் வெளிமுனையில் சிறிது நேரத்தில் நீர் சொட்டவேண்டும். அங்கே சொட்டாமல் உள்ளலகின் அடியில் சொட்டினால் குழாயில் பாசி அடைத்திருக்கலாம். அணைத்தபின் பிளக்கின் பிளாஸ்டிக் பகுதி வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கை வைக்க முடியாத சூடோ கருகிய நிறமோ தெரிந்தால் மின்பணியாளர் பார்க்கும்வரை இயந்திரத்தை ஓட்டக்கூடாது.

அலகுகளை இணைக்கும் செம்புக்குழாயில் பனி படிந்திருந்தாலோ, இணைப்பு நட்டில் எண்ணெய்க் கறை தெரிந்தாலோ கசிவை ஐயுறலாம். குளிரூட்டி மூடிய சுற்றில் ஓடுவது, எரிபொருள்போலச் செலவாவதில்லை. ஆகவே ஆண்டுதோறும் கேஸ் நிரப்பவேண்டிய தேவை நல்ல இயந்திரத்துக்கு இல்லை. குறைந்திருக்கிறது என்று சொல்லப்பட்டால், கசியும் இடத்தைக் கண்டு அடைத்த பிறகே நிரப்பும்படி வீட்டுக்காரர் கேட்கவேண்டும்.