உங்களுக்குத் தெரியுமா? மூன்று முதல் பத்து வரை தலைகீழ்!

அரபியில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் ஆண்பால் அல்லது பெண்பால். ஒன்றும் இரண்டும் எண்ணப்படும் பொருளின் பாலையே ஏற்கும். மூன்றிலிருந்து பத்து வரை கதை மாறுகிறது: பொருள் ஆண்பாலானால் எண் பெண்பால் வடிவில் வரும், பொருள் பெண்பாலானால் எண் ஆண்பால் வடிவில் வரும்.

'மூன்று ஆண்கள்' என்பது 'ஸலாஸத்து ரிஜால்'. இந்த எண்ணின் கடைசியில் உள்ள 'த்து' பெண்பால் விகுதி. 'மூன்று பெண்பிள்ளைகள்' என்றால் அந்த விகுதி உதிர்ந்து 'ஸலாஸு பனாத்' ஆகிவிடும். எண்ணுக்குப் பின் பெயர்ச்சொல் பன்மையில் நிற்கும்.

மாணவர்கள் தடுக்கி விழும் இடம் அந்தப் பன்மைதான். குளியலறைக்கு 'ஹம்மாம்', அதன் பன்மை 'ஹம்மாமாத்'. 'ஆத்' என்ற முடிவைக் கண்டதும் பெண்பால் என்று நினைத்து 'ஸலாஸு ஹம்மாமாத்' என எழுதிவிடுவார்கள். அது பிழை. பார்க்க வேண்டியது ஒருமையை. 'ஹம்மாம்' ஆண்பால், ஆகவே 'ஸலாஸத்து ஹம்மாமாத்' என்பதே சரி. எண்ணை எழுதுமுன் பன்மையை ஒருமைக்குத் திருப்பிப் பார்த்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

இரு வடிவங்களையும் அருகருகே காண விரும்புவோர் குர்ஆனின் 69ஆம் அத்தியாயம், 7ஆம் வசனத்தைப் பார்க்கலாம். அங்கே வரும் ஏழு இரவுகளில் 'இரவு' பெண்பால், எண்ணில் விகுதி இல்லை. எட்டுப் பகல்களில் 'பகல்' ஆண்பால், எண்ணில் விகுதி உண்டு. எவ்வளவு அழகான பாடம்!

எகிப்தியப் பேச்சுவழக்கில் இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஆண்களானாலும் பெண்பிள்ளைகளானாலும் அங்கே 'தலத்' தான். அரபியின் உறவுமொழியான எபிரேயத்திலோ இதே தலைகீழ் விதி இன்றும் இலக்கணத்தில் இருக்கிறது.