காலையில் 94, ராத்திரியில் 11

ராத்திரி எட்டே முக்கால். ஹாலில் மாமியாரின் சீரியல் நடுவில் நின்று வட்டம் சுற்றுகிறது. உள்ளறையிலிருந்து மகள், "அப்பா, நெட் போச்சு" என்கிறாள். போகவில்லை. ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சையாகத்தான் எரிகிறது. ஃபோனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 11 எம்பிபிஎஸ். நாங்கள் மாதாமாதம் பணம் கட்டுவது 100 எம்பிபிஎஸ்ஸுக்கு.

லைன்மேன் தம்பிக்கு ஃபோன் பண்ணினேன். வந்தார், மறுநாள் காலை பத்தரைக்கு. ரவுட்டர் பக்கத்தில் நின்று தன் ஃபோனில் டெஸ்ட் போட்டுக் காட்டினார். 94. "பாருங்க சார், சூப்பரா வருது. நம்ம பக்கம் ப்ராப்ளமே இல்ல." 100க்கு 94 என்பது முழு மார்க்தான். மீதி, தகவலோடு ஒட்டிக்கொண்டு போகும் முகவரிச் சீட்டுகளுக்குச் செலவாகிவிடும். இரண்டு மாதத்தில் மூன்று தடவை இந்த நாடகம் நடந்தது. அவர் பொய் சொல்லவில்லை. காலை பத்தரைக்கு எங்கள் வீட்டு நெட் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

ராத்திரி மட்டும் நெட் தவழ்ந்தால் சந்தேகப்பட வேண்டியவர்கள் மூன்று பேர். ஒன்று, வீட்டுக்குள் இருக்கும் வைஃபை. இரண்டு, வீட்டுக்கு வெளியே பலரும் பங்கு போட்டுக்கொள்ளும் லைனில் நெரிசல். மூன்று, கம்பெனிக்காரரே வேண்டுமென்று வேகத்தைப் பிடித்து வைப்பது. நம் ஊரில் எடுத்த எடுப்பில் மூன்றாவது ஆள்மீதுதான் பழி விழும். "திருட்டுப் பயலுக, ராத்திரியானா குறைச்சிடறானுங்க" என்று எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருவர் எழுதுவார். நானும் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டவன்தான்.

உண்மை தெரிய வேண்டும் என்றால் முதலில் தேவை, 2 மீட்டர் லேன் ஒயர். ராத்திரி ஒன்பது மணிக்கு லேப்டாப்பை ரவுட்டரோடு அந்த ஒயரால் இணைத்து, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு டெஸ்ட் போட வேண்டும். ஒயரில் முழு வேகம் வந்தால் குற்றவாளி வைஃபை. கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை. ஒயரிலும் 11 என்றால் வைஃபை நிரபராதி. எனக்கு வந்தது 38. வைஃபையில் 11, ஒயரில் 38, காலையில் 94. ஆக, என் வீட்டில் ஒருவர் இல்லை, இரண்டு பேர் கூட்டு.

டெஸ்டுக்கு முன்னால் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். முக்கியமாக ஃபோன்களை. சாயந்திரம் ஒவ்வொருவரும் வீடு திரும்பி வைஃபையில் சேர்ந்ததும், பகல் முழுக்க எடுத்த படங்களையும் வீடியோக்களையும் ஃபோன் சத்தமில்லாமல் மேலே ஏற்றத் தொடங்கும். ஏற்றும் பாதை அடைத்துக்கொண்டால் இறக்கும் பாதையும் திணறும். வெளியே நெரிசல் இருப்பது போலவே தெரியும். நெரிசல் நம் பாக்கெட்டில் இருக்கும்.

முதல் கூட்டாளியைப் பார்ப்போம். லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒரு சின்னக் குரல் கொடுத்து, பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று பார்க்கலாம். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து இப்படி அடிக்க வேண்டும். முகவரி சில ரவுட்டர்களில் வேறாக இருக்கும். அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் பார்க்கலாம்.

```
ping -n 50 192.168.1.1
```

இந்தக் குரல் வீட்டை விட்டே வெளியே போவதில்லை. அதனால் வெளி லைன் எப்படி இருந்தாலும் இந்த எண்ணில் அது தெரியாது. ஒயரில் போட்டால் எப்போதும் 1 மில்லி செகண்ட் அல்லது அதற்கும் கீழே. வைஃபையில் காலையில் எனக்கு 3, 4 என்று வந்தது. ராத்திரி அதே இடத்தில் உட்கார்ந்து போட்டால் 4, 61, 18, 140. நடுநடுவே பதிலே இல்லாமல் Request timed out. பத்தடி தூரத்தில் இருக்கும் ரவுட்டரிடம் பேசவே இந்தத் திண்டாட்டம்.

காரணம் அக்கம்பக்கம். எங்கள் பழைய ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் ஓடியது. அதில் 13 சேனல்கள் உண்டு என்று பெயர்தான். ஒவ்வொன்றும் பக்கத்துச் சேனல்களின் மேல் படர்ந்து கிடப்பதால், ஒன்றோடொன்று இடிக்காமல் இருப்பவை 1, 6, 11 என்ற மூன்றே. ஃபோனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டு ஹாலில் நின்று பார்த்தேன்: 23 வீட்டு வைஃபை தெரிந்தது, அதில் ஒன்பது 6ஆம் சேனலில். வைஃபைக்கு ஒரு மரியாதை உண்டு. ஒருவர் பேசும்போது அதே சேனலில் இருக்கும் மற்றவர் வாயை மூடிக் காத்திருப்பார். பகலில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும், யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். ராத்திரி ஒன்பது வீடும் ஒரே நேரத்தில் படம் பார்க்கும்போது, என் ரவுட்டருக்குப் பேச முறை வருவதே அபூர்வம். போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அலைவரிசையில் இரைச்சல் போடும். அதற்கு வரிசையில் நிற்கும் பழக்கமெல்லாம் கிடையாது.

6ஆம் சேனல் நெரிசல், 1ஆம் சேனல் நெரிசல், நடுவில் 3 காலி என்று அங்கே போய் உட்காருபவர்கள் உண்டு. நானும் போனேன். அது இன்னும் மோசம். ஒரே சேனலில் இருப்பவரின் பேச்சு நமக்குப் பேச்சாகக் கேட்கும், காத்திருக்கலாம். பக்கத்துச் சேனலில் இருப்பவரின் பேச்சு வெறும் இரைச்சலாகக் கேட்கும்; நம் பேச்சும் அவருக்கு அப்படியே. இருவரும் ஒருவர் மேல் ஒருவர் கத்துவோம். நிஜமான மருந்து, 5 கிகாஹெர்ட்ஸ். அங்கே சேனல்கள் அதிகம், பக்கத்து வீட்டுச் சிக்னல் சுவரைத் தாண்டி வருவது குறைவு. அதே சுவர் நம் படுக்கையறையையும் மறைக்கும் என்பதுதான் அதன் குறை. இரண்டு அலைவரிசையும் உள்ள ரவுட்டரை வாங்கி ஹாலுக்கு நடுவில் வைத்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு வைஃபையில் 37 வந்தது. ஒயரில் வந்த 38க்கு இது சமம். வைஃபை கணக்கு அதோடு தீர்ந்தது.

மீதி இருப்பது 38க்கும் 94க்கும் நடுவில் உள்ள பள்ளம். அது எங்கே என்று பார்க்க, வெளியுலகம் வரை போகும் பாதையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு வரும் கட்டளை ஒன்று இருக்கிறது. ஒயரில் இணைத்துத்தான் போட வேண்டும்.

```
tracert -d 8.8.8.8
```

முதல் வரி என் ரவுட்டர். எங்கள் இணைப்பில் இரண்டாவது வரி தெருக்கோடியில் இருக்கும் கேபிள் ஆபரேட்டர். மூன்றாவது, அவர் மொத்தமாக லைன் வாங்கும் பெரிய கம்பெனி. கடைசி வரி கூகுள். காலையில் 1, 3, 5, 8 மில்லி செகண்ட். ராத்திரி 1, 4, 86, 92. இரண்டாவது வரை காலை மாதிரியே இருந்து, மூன்றாவதில் எகிறி, கடைசி வரை அப்படியே நிற்கிறது பாருங்கள். அப்படி நின்றால்தான் அது நெரிசல். நடுவில் ஒரு வரி மட்டும் 200 என்று காட்டி, அடுத்த வரி மறுபடி 8க்கு இறங்கினால் கவலை வேண்டாம். அந்த ரவுட்டர் இம்மாதிரி விசாரிப்புகளுக்குச் சாவகாசமாகப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே தெருவில் வரும் ஃபைபரில் குறையில்லை. ஜிபான் என்ற முறையில் ஒரு ஃபைபர் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் தாங்கும். அதைப் பிரித்து 32 அல்லது 64 வீட்டுக்குக் கொடுப்பார்கள். எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகம் கேட்பதில்லை என்பதால் இது ஓடும். எங்கள் பகுதியில் அடைப்பு அதற்கு மேலே. ஆபரேட்டர் வைத்திருப்பது ஒரு ஜிபிபிஎஸ் மேல்லைன், அதை நம்பி முந்நூறு வீடு. முந்நூறுக்கும் 100 என்று விற்றிருக்கிறார். காலையில் இருபது பேர் பார்க்கும்போது மகாராஜா வாழ்வு. ராத்திரி நூற்றைம்பது பேர் பார்க்கும்போது ஒரே குழாயில் குடம் வைத்த கதை. பங்கு போட்டு விற்பது மோசடி இல்லை, இந்தத் தொழிலே அப்படித்தான். எத்தனை பேருக்கு எத்தனை என்பதில்தான் பேராசை.

அப்போது மூன்றாவது ஆள்? வேகத்தைப் பிடித்து வைப்பதற்கு வேறு முகம். நெரிசலில் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும்: 38, 22, 51. பிடித்து வைத்தால் கோடு போட்ட மாதிரி நிற்கும், அதுவும் 2, 4, 10 என்று ரவுண்டான எண்ணில். இன்னொரு அடையாளம், நாம் எதையும் இறக்காமல் சும்மா இருக்கும்போது போட்ட பிங். நெரிசல் என்றால் நாம் சும்மா இருந்தாலும் பிங் 90தான், ஏனென்றால் கூட்டம் அடுத்தவருடையது. பிடித்து வைத்தது என்றால் லைன் காலி. பிங் காலையில் போலவே 8 என்று வரும், வேகம் மட்டும் ஏறாது.

மைத்துனர் வீட்டில் அதைத்தான் பார்த்தேன். ராத்திரி 4, காலையிலும் 4, பிங் 7. மாதத்தின் 24ஆம் தேதி தொடங்கி, பில் தேதியன்று மந்திரம் போட்டாற்போல் சரியாகிவிடுகிறது. அவருடைய திட்டத்தின் டேட்டா அளவு தீர்ந்து, அதற்கப்புறம் 4 எம்பிபிஎஸ் என்று கட்டணப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அன்லிமிடெட் என்று விற்பதிலும் பலவற்றில் இந்த எஃப்யூபி வரம்பு உண்டு. பெரிய திட்டங்களில் மாதம் 3300 ஜிபி என்று வைத்திருப்பார்கள்.

குறிப்பிட்ட ஒரு தளத்தை மட்டும் மெதுவாக்குவது வேறு விஷயம். இந்தியாவில் அதற்கு இடமில்லை. 2017 நவம்பரில் டிராய் பரிந்துரைத்த நெட் நியூட்ராலிட்டி விதிகளை 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை ஏற்றுக்கொண்டது. சந்தேகம் இருந்தால் speedtest.net, fast.com இரண்டிலும் பாருங்கள். fast.com நெட்ஃபிளிக்ஸ் நடத்துவது, அதன் சர்வரிலிருந்தே இறக்கிப் பார்க்கும். speedtest.net பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சர்வரை எடுத்துக்கொள்ளும். அது உங்கள் கம்பெனியுடையதாகவே இருந்தால், அடைப்பு இருக்கும் இடத்தைத் தாண்டாமலேயே நல்ல மார்க் போட்டுவிடும். அதில் சர்வரை மாற்றி, வேறு ஊரில் வேறு கம்பெனியுடையதைப் பாருங்கள். விபிஎன் போட்டதும் ஒரு தளம் வேகமாக வந்தால் "பிடிபட்டான்" என்று குதிப்பார்கள். அவசரப்படக் கூடாது. விபிஎன் வேறு வழியாகச் சுற்றிப் போகிறது. பழைய வழியில் நெரிசல் இருந்தாலும் இதே பலன்தான் கிடைக்கும்.

மூன்று ராத்திரி, ஒன்பது மணிக்கு ஒயரில் எடுத்த திரைப் படங்களை, காலை படங்களோடு சேர்த்து லைன்மேன் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "டிவிலதான் ப்ராப்ளம்" என்று இந்தத் தடவை சொல்லவில்லை. "சார், மூணாவது லைன் நம்ம கையில இல்ல. ஓனர் மேல இன்னொரு லைன் எடுக்கணும்" என்றார். மூன்று வாரம் கழித்து எடுத்தார்கள். இப்போது ராத்திரி ஒன்பதுக்கு 76 வருகிறது, மூன்றாவது வரி 11 மில்லி செகண்ட். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 50க்கு இறங்குகிறது.

போன வாரம் தம்பியே வந்தார், சாயந்திரம் எட்டு மணிக்கு. "பி பிளாக்ல ஒரு வீட்டுல இதே கம்ப்ளெயின்ட் சார். அந்த லேன் ஒயர் கொஞ்சம் குடுங்க, டெஸ்ட் பண்ணிட்டுத் தர்றேன்."