கால் பணம் கட்டிய பங்கு

2020 மே மாதம், ஊரடங்கின் நடுவில், ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் 53,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்ட உரிமைப் பங்கு வெளியீட்டைத் தொடங்கியது. 15 பங்கு வைத்திருந்தவருக்கு ஒரு புதுப் பங்கு. விலை 1,257 ரூபாய். விண்ணப்பிக்கும்போது கால் பங்கு, அதாவது 314.25 ரூபாய் கட்டினால் போதும். மீதியை நிறுவனம் கேட்கும்போது கட்ட வேண்டும். 2021 மே மாதம் முதல் அழைப்பாக இன்னொரு 314.25 ரூபாயும், நவம்பரில் இறுதி அழைப்பாக 628.50 ரூபாயும் கேட்டார்கள்.

கால் பணத்தில் பங்கு கிடைக்கிறதே என்று மகிழ்ந்தவர்களில் பலர், பாக்கி முக்கால் பங்கும் தங்கள் தலையில் இருக்கும் கடன் என்பதை யோசித்திருக்க மாட்டார்கள்.

இதே விலையை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரிடம் 150 பங்கு இருந்தது. 10 உரிமைப் பங்கு வாங்கினார். விண்ணப்பத்துக்கு 3,142.50, முதல் அழைப்புக்கு 3,142.50, ஆக 6,285 ரூபாய் கட்டிவிட்டார். இறுதி அழைப்புக்கு இன்னொரு 6,285 கட்ட வேண்டும். இடையில் மின்னஞ்சல் முகவரியை மாற்றிவிட்டதால் அழைப்புக் கடிதம் அவர் கண்ணில் படவில்லை. கெடு தாண்டியதும் அந்தத் தொகை 'அழைப்பு நிலுவை' ஆகிவிடுகிறது. நிறுவனச் சட்டத்தின் அட்டவணை எஃப் மாதிரி விதிகளின்படி இதற்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வரை வட்டி போடலாம். இயக்குநர் குழு மனது வைத்தால் தள்ளுபடியும் செய்யலாம். இரண்டு மாதத் தாமதத்துக்கு வட்டி சுமார் 105 ரூபாய்தான். இந்தக் கட்டத்தில் விழித்துக்கொண்டால் சேதம் அவ்வளவே.

நிலுவை நீடித்தால் நிறுவனம் இன்னொரு அறிவிப்பு அனுப்பும். குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். கட்டாவிட்டால் பங்கு பறிமுதலாகும் என்று அதிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் பணம் வராவிட்டால் இயக்குநர் குழு தீர்மானம் போட்டுப் பங்கைப் பறிமுதல் செய்யலாம். பள்ளிக் கணக்குப் பதிவியல் பாடத்தில் இதைத்தான் பங்கு ஒறுப்பிழப்பு என்கிறார்கள்.

நம் நண்பர் கட்டிய 6,285 ரூபாய் என்ன ஆகும்? பத்துப் பங்கின் முக மதிப்பு, பங்குக்குப் பத்து ரூபாய் வீதம், மொத்தம் நூறு ரூபாய்தான். அதில் அவர் கட்டியிருந்தது 50 ரூபாய். மற்ற 6,235 ரூபாயும் முனைமம், அதாவது பிரீமியம். பறிமுதலின்போது நிறுவனம் தன் ஏட்டில் பங்கு மூலதனத்தில் நூறு ரூபாயைக் குறைக்கும்; பெற்ற 50 ரூபாய் ஒறுப்பிழப்புக் கணக்குக்குப் போகும். கையில் வந்துவிட்ட பிரீமியம் பத்திர முனைமக் கணக்கிலேயே இருக்கும், அதைத் தொட மாட்டார்கள். வராத பிரீமியம் மட்டும் ரத்தாகும். ஏட்டில் 'ஒறுப்பிழப்பு 50 ரூபாய்' என்று பார்க்கிறவருக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். பங்கைப் பறிகொடுத்தவருக்குப் போனதோ 6,285 ரூபாய்!

பறிமுதல் செய்த பங்கை நிறுவனம் மறுபடி வெளியிடலாம். தள்ளுபடி கொடுத்தாலும் ஒறுப்பிழப்புத் தொகைக்கு மேல், இங்கே பங்குக்கு ஐந்து ரூபாய்க்கு மேல், கொடுக்க முடியாது. தள்ளுபடியே கொடுக்காவிட்டால் அந்த 50 ரூபாய் மூலதனக் காப்பு நிதிக்குப் போய்விடும். பழைய பங்குதாரருக்கு அதில் ஒரு பைசாவும் இல்லை. மாதிரி விதிகளில் இன்னொரு கடுமையும் உண்டு: உறுப்பினர் என்ற தகுதி போன பிறகும், பறிமுதல் நாளில் பாக்கி இருந்த தொகைக்கு அவர் பொறுப்பாளியே. நிறுவனத்தின் செயல்முறை விதிகள் இதில் மாறக்கூடும். அவற்றைப் படித்துப் பார்ப்பது நல்லது.

பகுதி செலுத்திய பங்கைச் சந்தையில் வாங்குகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பேன். ரிலையன்ஸின் பகுதி செலுத்திய பங்கு RELIANCEPP என்ற தனிக் குறியீட்டில் வர்த்தகமானது. சாதாரணப் பங்கைவிட விலை குறைவாக இருப்பதைப் பார்த்து 'மலிவு' என்று வாங்கியவர், உண்மையில் பாக்கித் தொகையையும் சேர்த்தே வாங்கினார். அழைப்பின் பதிவு நாளில் யார் பெயரில் பங்கு இருக்கிறதோ அவரே கட்ட வேண்டும். முதலில் விண்ணப்பித்தவர் அல்ல. ஈவுத்தொகையையும் செலுத்திய தொகையின் விகிதத்தில் குறைத்துத் தர நிறுவனங்களுக்குச் சட்டம் இடம் தருகிறது.

உங்கள் டீமேட் அறிக்கையைப் பாருங்கள். பங்கின் பெயரோடு 'பார்ட்லி பெய்ட்' என்று இருந்தால், பதிவேட்டு முகவரிடம் உங்கள் மின்னஞ்சலும் முகவரியும் சரியாக இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அழைப்பின் பதிவு நாளையொட்டி அந்தப் பங்கின் வர்த்தகத்தை நிறுத்திவிடுவார்கள். பிறகு விற்கவும் முடியாது. மீதிப் பணம் கட்டும் எண்ணம் இல்லாதவர்கள் அதற்கு முன்பே விற்று வெளியே வந்துவிடுங்கள்.