10 நிமிடம் எடுக்காமல் அழுத்தச் சொல்வது ஏன்?

காய் நறுக்கும்போது கத்தி வழுக்கி, ஆள்காட்டி விரலில் ஆழமாக இறங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலுதவி வகுப்பில் இதற்குச் சொல்லித்தரும் பாடம் ஒரே வரிதான்: சுத்தமான துணியை வைத்து, 10 நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். ஆனால் பலருக்கு இரண்டாவது நிமிடத்திலேயே கை துறுதுறுக்கும். நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கிப் பார்ப்பார்கள். ரத்தம் மறுபடி கசியும். அந்த 10 நிமிடத்தில் துணிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் அப்படித் தூக்கிப் பார்க்க மாட்டார்.

குழாய் சுருங்குகிறது

கத்தி பட்ட சில நொடிகளிலேயே, வெட்டுப்பட்ட ரத்தக்குழாய் தன் சுவரில் உள்ள தசையை இறுக்கிச் சுருங்குகிறது. வாய் குறுகுவதால் வெளியேறும் ரத்தம் குறைகிறது. முழுதாக அறுந்த சிறிய தமனி, சுருங்குவதோடு சதைக்குள் பின்வாங்கியும் கொள்ளும். பாதி மட்டும் அறுந்த தமனியால் அப்படிப் பின்வாங்க முடியாது. வெட்டு வாய் இழுபட்டுத் திறந்தே இருக்கும். அதனால் சில நேரம் முழு வெட்டைவிட அரை வெட்டில் ரத்தம் கூடுதலாகக் கொட்டும். எப்படியானாலும் இந்தச் சுருக்கம் நெடுநேரம் தாங்காது. அது தளர்வதற்குள் அடுத்த வேலை நடந்தாக வேண்டும்.

தட்டணுக்கள் ஒட்டுகின்றன

ரத்தக்குழாயின் உட்சுவர் வழவழப்பானது. அதில் எதுவும் ஒட்டாது. சுவர் கிழிந்ததும் அதன் அடியில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளியே தெரிகிறது. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தட்டணுக்களுக்கு அதுதான் அழைப்பு. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் தட்டணுக்கள் இருக்கும். அவை கொலாஜனில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவுடன் தட்டையான உருவம் மாறி, முள் முள்ளாகக் கிளை நீட்டுகின்றன. கூடவே சில ரசாயனங்களைக் கக்கி, பக்கத்தில் போகும் தட்டணுக்களையும் இழுத்துச் சேர்க்கின்றன. இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டு வாயில் ஓர் அடைப்பு உருவாகிவிடுகிறது.

துணியைத் தூக்கிப் பார்ப்பவர் கெடுப்பது இந்த அடைப்பைத்தான். தட்டணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருந்தாலும் அந்தப் பிடி இன்னும் தளர்வானது. துணியின் இழையோடு ஒட்டியிருக்கும் அடைப்பு, துணியோடு சேர்ந்தே பெயர்ந்து வந்துவிடும். பிறகு முதலிலிருந்து எல்லாம் தொடங்க வேண்டும்.

ஃபைப்ரின் இழைகள் இறுக்குகின்றன

தட்டணுக்கள் கூடும் அதே நேரத்தில் இன்னொரு வேலையும் தொடங்கியிருக்கும். ரத்தக்குழாய்க்கு வெளியே உள்ள திசுக்களில் ஒரு புரதம் இருக்கிறது. சாதாரணமாக அது ரத்தத்தைத் தொடுவதே இல்லை. வெட்டு விழுந்ததும் அது ரத்தத்தில் உள்ள உறைதல் காரணிகளைச் சந்திக்கிறது. ஒரு காரணி அடுத்ததைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, ஒவ்வொரு படியிலும் விளைவு பல மடங்கு பெருகுகிறது. முடிவில் த்ராம்பின் என்ற நொதி உருவாகிறது.

ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தை த்ராம்பின் வெட்டுகிறது. வெட்டுப்பட்டதும் அது கரையாத ஃபைப்ரின் இழைகளாக மாறுகிறது. இந்த இழைகள் தட்டணு அடைப்பின் மேலும் ஊடேயும் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, சிவப்பணுக்களையும் சிக்கவைக்கின்றன. இன்னொரு காரணி வந்து இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. தளர்வாக இருந்த அடைப்பு இப்போதுதான் உறுதியான ரத்தக்கட்டி ஆகிறது. ஆரோக்கியமான ஒருவருக்கு இதற்குப் பல நிமிடங்கள் ஆகும். அந்த 10 நிமிடக் கணக்கு இதற்காகத்தான்.

அதன் பிறகும் கட்டிக்குள் வேலை ஓயாது. அடுத்த ஒரு மணி நேரத்தில் தட்டணுக்கள் ஃபைப்ரின் இழைகளை இழுத்துச் சுருக்குகின்றன. கட்டி இறுகி, வெட்டின் இரு ஓரங்களையும் நெருக்குகிறது. உள்ளே தோல் வளர்ந்து சேரும்வரை அது அங்கே இருக்க வேண்டும். காய்ந்த பொருக்கை நகத்தால் பெயர்க்காதீர்கள் என்பதும் இதனால்தான்.

அழுத்தம் எங்கே உதவுகிறது?

வாய்க்கால் கரை உடைந்தால், தண்ணீர் வேகமாகப் பாயும்போது போடும் மண் அடித்துக்கொண்டுதான் போகும். வரத்தை மட்டுப்படுத்திய பிறகே உடைப்பை அடைக்க முடியும். வெட்டுக்காயத்திலும் அதே கதை. ரத்தம் வேகமாகப் பாய்ந்தால் தட்டணுக்களும் த்ராம்பினும் வெட்டு வாயில் தங்காமல் அடித்துச் செல்லப்படும். விரலால் அழுத்தும்போது ஓட்டம் குறைகிறது. சேர வேண்டியவை சேர நேரம் கிடைக்கிறது. கட்டியை உருவாக்குவது உடல்தான். நம் விரல் அதற்கு அவகாசம் வாங்கித் தருகிறது.

துணி நனைந்தால் அதை உரிக்காமல் மேலேயே இன்னொரு துணியை வைத்து, வெட்டு வாய்க்கு நேராக இன்னும் பலமாக அழுத்துங்கள். காயத்தில் கண்ணாடியோ இரும்போ குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. அதன் மேல் அழுத்தாமல் இரு பக்கமும் அழுத்த வேண்டும். காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். அழுத்தம் செய்யும் வேலையை அவை செய்யாது. காயத்தில் அழுக்கு சேர்ந்து, பிறகு மருத்துவமனையில் கழுவி எடுப்பதும் சிரமமாகும். ரத்தம் நிறைய இழந்தவரைப் போர்வையால் மூடுங்கள். உடல் குளிர்ந்தால் உறைதல் நொதிகள் மந்தமாகிவிடும்.

எங்கே தவறுகிறது?

இந்த வரிசையில் எந்தப் படி பழுதானது என்பதை ரத்தம் போகும் விதமே ஓரளவு காட்டிவிடும். சிவப்பாகப் பீறிட்டு அடித்தால் தமனி அறுந்திருக்கிறது. ஓட்டத்தின் வேகத்தில் அடைப்பு நிற்காது. இதய நோய்க்கு ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்குத் தட்டணுக்கள் ஒன்றையொன்று அழைக்கும் திறன் குறைந்திருக்கும். தட்டணுக்களின் ஆயுளான 7 முதல் 10 நாள்வரை அந்தப் பாதிப்பு நீடிப்பதால், ‘நேற்று மாத்திரை போடவில்லை’ என்று அவர் சொன்னாலும் ரத்தம் நிற்க நேரமாகும். ஹீமோபீலியா உள்ளவருக்குத் தட்டணுக்கள் சரியாக இருக்கும். உறைதல் காரணி ஒன்றுதான் குறைவு. அவருக்குச் சிறு வெட்டில் ரத்தம் முதலில் நின்றுவிட்டு, இழைகள் உறுதிப்படாததால் சில மணி நேரம் கழித்து மறுபடி கசியலாம்.

கண்ணாடி விரியன் கடித்தால் இந்த வரிசை முழுவதுமே குலைந்துபோகும். அதன் விஷம் உறைதல் காரணிகளைத் தேவையின்றித் தூண்டி, ஃபைப்ரினோஜெனைத் தீர்த்துவிடும். பிறகு இழை நூற்க மூலப்பொருளே இருக்காது. இதைக் கண்டறிய மருத்துவமனையில் ஓர் எளிய சோதனை உண்டு: 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறையாமல் வழிந்தால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். பாம்பு கடித்த இடத்தைக் கீறி ரத்தத்தை வெளியேற்றுவது ஏன் ஆபத்து என்பது இதிலிருந்தே விளங்கும். அந்தக் கீறலை மூடும் வசதி அவர் ரத்தத்தில் இல்லாமல் போயிருக்கலாம்.

எனவே கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 10 நிமிடம் அழுத்துங்கள். அழுத்தும்போதே என்ன மாத்திரை சாப்பிடுகிறார், ரத்தம் உறையாத நோய் உண்டா என்று கேட்டுவிடுங்கள். ரத்தம் பீறிட்டாலோ, பாம்பு கடித்திருந்தாலோ அந்த 10 நிமிடத்துக்கும் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை என்றால், அழுத்தத்தை விடாமலே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.